பொருள் எண் 14: யார் என்ன சொன்னார்கள்?

நகராட்சியிலோ மாநகராட்சியிலோ நடக்கும் குழுக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை எடுத்துப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது அதன் வறட்சிதான். இடப்பக்கம் பொருள் எண். நடுவில் பொறியியல் பிரிவு எழுதிய அலுவலகக் குறிப்பு, பல சமயம் ஒரே வாக்கியமாக ஒரு பக்கம் முழுக்க ஓடும். கடைசியில் தீர்மான எண், அதன்கீழ் ஒரே சொல்: 'அனுமதிக்கப்பட்டது'. பொருளுக்குப் பொருள் இதே வடிவம்தான். தெருவிளக்குப் பராமரிப்பு, வடிகால், பள்ளிக் கழிப்பறை, குப்பை வண்டி வாடகை என்று எல்லாமே அந்த ஒற்றைச் சொல்லில் போய் முடியும்.

அந்தச் சொல்லுக்கும் அலுவலகக் குறிப்புக்கும் நடுவே, பெரும்பாலும் காலியாக விடப்படும் ஓர் இடம் உண்டு. எந்த உறுப்பினர் என்ன கேட்டார், யார் மறுத்தார், யார் விலகி நின்றார் என்று எழுத வேண்டிய இடம் அது. ஊர்ப் பணம் எப்படிக் கைமாறுகிறது என்று அறிய விரும்புகிறவர் முதலில் பார்க்க வேண்டியதும் அதையே.

முதலில், டெண்டர் எங்கே முடிவாகிறது என்பதைப் பார்த்துவிடுவோம். தமிழ்நாட்டின் நகராட்சிகளில் ஒப்பந்தக் குழு என்று ஒன்று உண்டு. நகர்மன்றத் தலைவர், ஆணையர், கவுன்சிலர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கும் ஒரே ஒரு உறுப்பினர், அவ்வளவுதான் அந்தக் குழு. மாநகராட்சிகளில் நிலைக்குழுக்கள் இருக்கின்றன. சென்னையில் கணக்கு, கல்வி, சுகாதாரம், நகரமைப்பு, வரி மற்றும் நிதி, பணிகள் எனத் துறைவாரியாக அவை பிரிந்திருக்கும். தொகை சிறியதென்றால் ஆணையரே முடிப்பார். அதைத் தாண்டினால் குழுவுக்கு வரும், இன்னும் பெரியதென்றால் மாமன்றத்துக்குப் போகும். மாமன்றக் கூட்டத்தில் பார்வையாளர் மாடமும் செய்தியாளர்களும் உண்டு. குழுக் கூட்டத்தில் பொதுவாக அந்த இரண்டும் கிடையாது. அங்கே நடந்ததற்குச் சாட்சி இந்தக் குறிப்பு ஒன்றுதான்.

குழுவில் உட்காரும் கவுன்சிலர், தனக்குப் பிடித்த ஒப்பந்ததாரருக்கு வேலையைக் கொடுத்துவிட முடியும் என்று பலர் நினைக்கிறார்கள். 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டம் அந்த வாசலை ஏறக்குறைய அடைத்துவிட்டது. விலைப்புள்ளிகளை ஒப்பிட்டுப் பார்த்தபின் மிகக் குறைந்ததைத்தான் ஏற்க வேண்டும். விலை அதிகமாகத் தோன்றினால் அந்தக் குறைந்த புள்ளி கொடுத்தவரிடம் மட்டும் பேசிக் குறைக்கச் சொல்லலாம். இரண்டாவதாக வந்தவரைக் கூப்பிட்டுப் பேரம் பேசக் கூடாது. காரணத்தைப் பதிவு செய்துவிட்டு எல்லாவற்றையும் நிராகரிக்கலாம். மற்றவர்களை ஏன் நிராகரித்தார்கள் என்ற காரணமும் ஒப்பந்தப்புள்ளி இதழுக்குப் போக வேண்டும்.

ஆகவே உறுப்பினர் முன்னால் உள்ள கேள்விகள் சில மட்டுமே. மதிப்பீடு சரியா? அறிவிப்புக்குப் போதிய நாள் கொடுத்தார்களா? யாரையாவது காரணமில்லாமல் வெளியே தள்ளினார்களா? கேட்கும் விலை நியாயமா? இவற்றில் எதைக் கேட்டார் என்பதும், கிடைத்த பதிலுக்குப் பின் என்ன நிலை எடுத்தார் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும்.

ஒரு மாதிரிப் பொருளை வைத்துப் பார்க்கலாம். ஊரும் எண்களும் கற்பனை, வடிவம் அன்றாடம் நடப்பது. பணிகள் நிலைக்குழுவில் 11 உறுப்பினர்கள், வந்தவர்கள் எட்டுப் பேர். பொருள் எண் 14, பழைய பேருந்து நிலையத்தை ஒட்டிய சாலையில் மழைநீர் வடிகால். அலுவலகக் குறிப்பு இப்படிப் போகிறது: 'மேற்படிப் பணி ரூ.75 லட்சம் மதிப்பீட்டில் மேற்கொள்ள நிர்வாக அனுமதி பெறப்பட்டு, ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்டதில் நான்கு புள்ளிகள் பெறப்பட்டு, ஒன்று தொழில்நுட்பத் தகுதியின்மையால் நிராகரிக்கப்பட்டு, எஞ்சியவற்றுள் குறைந்த புள்ளி கொடுத்தவருடன் பேச்சுவார்த்தை நடத்தியதில் ரூ.63,58,560க்குச் செய்ய ஒப்புக்கொண்டுள்ளதால், ஏற்பது குறித்துக் குழுவின் முடிவுக்கு.'

மேலோட்டமாகப் படித்தால் பதினொரு லட்சத்துக்குமேல் மிச்சம் என்று தோன்றும். அனுபவமில்லாத உறுப்பினர் இந்த இடத்தில் தலையாட்டிவிடுவார். 75 லட்சம் என்பது ஜி.எஸ்.டி., சோதனைக் கட்டணம், மேற்பார்வை போன்றவை எல்லாம் சேர்ந்த நிர்வாக மதிப்பீடு. ஒப்பந்ததாரர்களின் போட்டிக்கு விட்டது வேலையின் மதிப்பை மட்டும்தான். நம் மாதிரியில் அது ரூ.62,40,000. அதன்மீது 18 சதவீத வரியைச் சேர்த்தால் மட்டுமே 73 லட்சத்தைத் தாண்டும். குறைந்த புள்ளி கொடுத்தவர் முதலில் கேட்டது 4.80 சதவீதம் கூடுதல், அதாவது ரூ.65,39,520. பேசியபின் 1.90 சதவீதக் கூடுதலுக்கு இறங்கினார். உண்மையில் இது மதிப்பீட்டைவிட ரூ.1,18,560 அதிகம். மிச்சம் என்று எதுவுமில்லை.

பொருளை எதனோடு ஒப்பிட வேண்டுமோ அதனோடு ஒப்பிடாமல் குறிப்பு எழுதுவது பொய் ஆகாது. ஒவ்வொரு எண்ணும் உண்மைதான், ஒப்பீட்டைத்தான் மாற்றி வைத்திருக்கிறார்கள். உறுப்பினர் கேட்க வேண்டிய முதல் தாள் ஒப்பீட்டுப் பட்டியல். கேட்டவர் யார் என்று குறிப்பில் பெயரோ வார்டு எண்ணோ இருந்தால், அந்தக் கூட்டத்தில் ஒருவராவது கணக்குப் பார்த்தார் என்பது தெரியும்.

பட்டியலில் மற்ற இருவரும் 6.90, 7.25 சதவீதம் கூடுதல் கேட்டிருக்கிறார்கள். நான்காமவரின் விலை தெரியாது. இரு உறை முறையில் தகுதி உறையில் தேறாதவரின் விலை உறையைத் திறப்பதே இல்லை. நான்காமவர் எவ்வளவு கேட்டிருப்பார் என்ற கேள்விக்கு இனி யாரிடமும் விடையில்லை. அதனால்தான் அவரை நிராகரித்த காரணம் இந்தப் பொருளிலேயே முக்கியமான வரி ஆகிறது. குறிப்பில் இருப்பதோ 'தொழில்நுட்பத் தகுதியின்மை' என்ற இரண்டே சொல்.

இனி அறைக்குள் நடப்பது. 12ஆவது வார்டு உறுப்பினர் எழுகிறார்.

"தலைவர் அவர்களே, நாலாவது ஆளை எதுக்குத் தள்ளினாங்கன்னு குறிப்புல இல்லையே."

உதவிப் பொறியாளர் பதில் சொல்கிறார்: "சொலவென்சி சான்று பழைய தேதிங்கம்மா. அறிவிப்புல கேட்டிருந்தது இந்த வருஷத்துச் சான்று."

"அவருக்கு எழுத்துல சொன்னீங்களா?"

"சொல்லணும்மா, இன்னும் அனுப்பல."

இந்த நான்கு வரியும் பதிவாகலாம், பதிவாகாமலும் போகலாம். பல ஊர்க் குறிப்புகளில் இது இப்படி மாறியிருக்கும்: 'உறுப்பினர்கள் சிலர் விளக்கம் கோரினர். பொறியாளர் விளக்கம் அளித்தார். தீர்மானம் நிறைவேற்றப்பட்டது.' யார், எதைப் பற்றி, என்ன விளக்கம், ஒன்றும் இல்லை. பிறகு நிராகரிக்கப்பட்டவர் மேல்முறையீட்டுக்குப் போனால், குழுவுக்குக் காரணம் தெரிந்திருந்ததா என்ற கேள்விக்கு இந்த மூன்று வரி உதவாது.

சரியான பதிவு இப்படி இருக்கும்: '12ஆவது வார்டு உறுப்பினர், பணியின் தேவையை ஏற்பதாகவும், நான்காவது ஒப்பந்தப்புள்ளியை நிராகரித்த காரணம் எழுத்தில் வைக்கப்படும்வரை பொருளை ஒத்திவைக்க வேண்டும் எனவும், ஒத்திவைக்காவிட்டால் தாம் எதிர்ப்பதாகவும் தெரிவித்தார்.' நீளம் கொஞ்சம் கூடும். ஆனால் அவர் எதை எதிர்த்தார், எதை எதிர்க்கவில்லை என்பது பிரிந்து நிற்கும்.

பதிவு செய்பவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். டெண்டர் பொருளில் எதிர்ப்பு என்பது ஒரே வகை அல்ல. வேலையே வேண்டாம் என்பது ஒன்று. வேலை வேண்டும், இந்த விலைக்கு வேண்டாம் என்பது இன்னொன்று. விலை சரி, நடைமுறை தப்பு என்பது மூன்றாவது. என் வார்டுக்கு ஒன்றும் ஒதுக்கவில்லை, அதனால் உங்கள் வார்டு வேலையையும் எதிர்க்கிறேன் என்பது நாலாவது, நடைமுறையில் அடிக்கடி கேட்பதும் அதுதான். நாலும் குறிப்பில் 'ஆட்சேபணை தெரிவித்தார்' என்றே பதிவாகின்றன. தணிக்கையாளர் ஐந்து வருடம் கழித்துப் படிக்கும்போது, எச்சரிக்கை செய்தவரையும் கோபித்துக்கொண்டவரையும் அவரால் பிரித்தறிய முடியாது. எச்சரிக்கை செய்த கவுன்சிலருக்கு அதனால் நேரும் நட்டம் சிறியதல்ல. நிதி விரயத்துக்கு யார் பொறுப்பு என்று பின்னாளில் கேள்வி வந்தால் அவருக்குத் துணை நிற்பது அந்த ஒரு வரி மட்டுமே.

அடுத்து, பேசாதவர்கள். எட்டுப் பேரில் ஒருவர், 9ஆவது வார்டு உறுப்பினர், பொருள் தொடங்கியதுமே எழுந்து, இரண்டாவது புள்ளி கொடுத்த நிறுவனத்தில் தன் தம்பி பங்குதாரர் என்று சொல்லிவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொண்டார். தனக்குப் பண நலன் உள்ள பொருளில் உறுப்பினர் விவாதிக்கவோ வாக்களிக்கவோ கூடாது என்பது உள்ளாட்சிச் சட்டங்களின் பொதுவான விதி. தம்பியின் நிறுவனம் தோற்றுவிட்டதே, பிறகென்ன என்று கேட்கலாம். தோற்றவருக்கும் நலன் உண்டு. பொருள் தள்ளுபடியானால் மறுடெண்டர் வரும், அதில் தம்பி மறுபடி நுழையலாம். ஆகவே குறிப்பில் 'நலன் காரணமாக விலகினார்' என்று காரணத்தோடு எழுத வேண்டும். வெறுமனே 'வாக்களிக்கவில்லை' என்று எழுதினால் அவரும் நடுநிலை வகித்தவரும் ஒன்றாகிவிடுவார்கள். இன்னொருவர் உண்மையிலேயே நடுநிலை: எனக்குப் புரியவில்லை, ஆதரிக்கவும் மாட்டேன், எதிர்க்கவும் மாட்டேன் என்றார். நான்கு பேர் ஆதரவு, இருவர் எதிர்ப்பு. நான்குக்கு இரண்டு என்று பொருள் நிறைவேறியது.

இதே கூட்டத்தில் எதிர்த்த இருவரும் வெளிநடப்பு செய்திருந்தால்? பத்திரிகையில் படம் வரும். குறிப்பிலோ அவர்கள் எதிர்த்து வாக்களித்ததாக எழுத வழியில்லை, வாக்கெடுப்பின்போது அவர்கள் அறையில் இல்லை. மிஞ்சியவர்களில் நடுநிலையாளரும் வாயைத் திறக்காவிட்டால் எழுத்தர் 'ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது' என்று எழுதுவார். அதைப் பொய் என்றும் சொல்ல முடியாது. வெளிநடப்பு செய்யும் கவுன்சிலர்கள் இதை அறியாமல் செய்கிறார்களா, அறிந்தே செய்கிறார்களா என்று எனக்குச் சில சமயம் சந்தேகம் வரும். வாசலில் முழக்கம், உள்ளே ஏகமனது. இரு தரப்புக்கும் வசதிதான். உண்மையாக எதிர்ப்பவர் அறையில் இருந்து, கையைத் தூக்கி, பெயரைப் பதியச் சொல்லிவிட்டு, பிறகு வேண்டுமானால் வெளியேறலாம்.

மௌனமாக உட்கார்ந்திருந்தவரின் நிலை இன்னும் மோசம். வருகைப் பதிவேட்டில் கையொப்பம் இருக்கிறது, எதிர்ப்புப் பட்டியலில் பெயர் இல்லை. படிப்பவர் அவரை ஆதரித்தவராகத்தான் எடுத்துக்கொள்வார். 'அன்றைக்கு எனக்கு உடன்பாடில்லை' என்று பின்னால் சொன்னால் அதற்கு மதிப்பில்லை. அடுத்த கூட்டத்தில் முந்தைய குறிப்பை உறுதி செய்யும்போது திருத்தலாமே என்றால், அங்கே கேட்கக்கூடியது ஒன்றுதான்: நடந்தது சரியாக எழுதப்பட்டிருக்கிறதா? அன்று சொன்னதை விட்டிருந்தால் சேர்க்கச் சொல்லலாம். அன்று சொல்லாததை இன்று சேர்க்க முடியாது. ஆனாலும் குறிப்பை உறுதி செய்யும் அந்த ஐந்து நிமிடத்தில் பெரும்பாலான குழுக்கள் தேநீர் குடிக்கின்றன.

குறிப்பில் அடிக்கடி வரும் இன்னொரு சொற்றொடரைப் படிப்பவர் அறிந்திருக்க வேண்டும்: 'மன்ற அனுமதியை எதிர்நோக்கி'. வேலை ஏற்கெனவே கொடுத்தாயிற்று, சில சமயம் முடிந்தும் போயிற்று, இப்போது அனுமதி கேட்கிறார்கள் என்று பொருள். வெள்ளத்தில் உடைந்த குழாய்க்கு இது நியாயம். கூட்டம் கூடும்வரை ஊர் தண்ணீரில்லாமல் இருக்க முடியாது. திட்டமிட்ட வேலைக்கு இதே சொற்றொடர் வந்தால் உறுப்பினரின் நிலைப்பாடு வெறும் சடங்காகிவிடுகிறது. எதிர்த்து என்ன செய்வது, சாலை போட்டாகிவிட்டதே! அப்படிப்பட்ட பொருளில் உறுப்பினர் பதியச் சொல்ல வேண்டிய கேள்வி, வேலை உத்தரவு எந்தத் தேதியில் கொடுக்கப்பட்டது, அதற்கும் இன்றைக்கும் நடுவில் எத்தனை கூட்டங்கள் நடந்தன என்பதுதான். அஜெண்டாவில் இல்லாமல் கூட்டத்தன்று மேசையில் வைக்கப்படும் கூடுதல் பொருளும் இதன் உறவுக்காரர்தான். டெண்டர் திறந்து நாளாகியும் முன்கூட்டியே அஜெண்டாவில் சேராமல் அன்று காலைதான் மேசைக்கு வந்தது என்றால், படிக்க அவகாசம் கொடுக்க யாரோ விரும்பவில்லை.

ஒரு பொருளைத் தனியாகப் படித்தால் தெரியாத சில விஷயங்கள், கூட்டம் முழுவதையும் சேர்த்துப் படித்தால் தெரியும். பொருள் 14இல் முதல் நிறுவனம் குறைந்த புள்ளி, இரண்டாம் மூன்றாம் நிறுவனங்கள் சற்று மேலே. பொருள் 17இல் இரண்டாம் நிறுவனம் குறைந்த புள்ளி, மற்ற இரண்டும் சற்று மேலே. பொருள் 21இல் மூன்றாவது. மூன்று பேரும் ஒவ்வொரு முறையும் ஒருவருக்கொருவர் இரண்டரை சதவீதத்துக்குள்ளேயே நிற்கிறார்கள், ஒருவர்கூட மதிப்பீட்டுக்குக் கீழே வரவில்லை. முறை வைத்துப் பங்கு போட்டால் காகிதத்தில் தெரியும் சாயல் இது. சாயல் மட்டுமே குற்றம் ஆகாது. சின்ன ஊரில் தகுதியுள்ள ஒப்பந்ததாரர்களே மூன்று பேர்தான் என்றால் அதே பெயர்கள்தான் வரும். ஆனால் எல்லாப் பொருளிலும் தகுதி உறையிலேயே வெளியூர்க்காரர் ஒருவர் விழுந்துகொண்டே இருந்தால், 12ஆவது வார்டு உறுப்பினர் கேட்ட கேள்விக்கு வேறு கனம் வந்துவிடுகிறது.

பிரித்துப் போடுவதும் இப்படித்தான் தெரியும். தமிழ்நாட்டு ஒப்பந்தப்புள்ளி விதிகளின்படி இரண்டு கோடி வரையுள்ள டெண்டருக்குக் குறைந்தது 15 நாள் அவகாசம், அதற்கு மேல் 30 நாள். குறைக்க வேண்டுமென்றால் மேலதிகாரி காரணம் எழுதி அனுமதிக்க வேண்டும். ஒரே சாலையின் கிழக்குப் பகுதி 1 கோடியே 92 லட்சம், மேற்குப் பகுதி 1 கோடியே 88 லட்சம் என்று அடுத்தடுத்த பொருள்களாக வந்தால், சாலையைப் பிரித்தது பொறியியலா, பஞ்சாங்கமா என்று கேட்கலாம். உறுப்பினர் கேட்டாரா, என்ன பதில் வந்தது என்பது குறிப்பில் இருந்தால் நாம் ஊகிக்க வேண்டியதில்லை.

உறுப்பினர்களே இல்லாமல் குறிப்பு எப்படி இருக்கும் என்பதையும் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. 2016 அக்டோபரில் நகர்ப்புற உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான். நடுவிலிருந்த ஐந்து ஆண்டுக்கு மேலான காலத்தில் மன்றத்தின் அதிகாரம் தனி அலுவலர்களிடம் இருந்தது. பெரும்பாலான ஊர்களில் ஆணையரே தனி அலுவலர். ஆணையர் முன்மொழிய, தனி அலுவலர் அனுமதிப்பார், இரண்டும் ஒரே ஆள். அந்த ஆண்டுகளின் தீர்மானங்களை இப்போது எடுத்துப் படித்தால் கேள்வியும் பதிலும் இருக்கவே வழியில்லாத வழுவழுப்பு தெரியும். வேகமாக வேலை நடந்தது என்பார்கள். இருக்கலாம், ஆனால் நான்காவது புள்ளி ஏன் விழுந்தது என்று கேட்க அந்த அறையில் ஆள் இல்லை.

தென்னாப்பிரிக்கா நேர் எதிர்ப் பக்கம் போனது. அங்கே 2003ஆம் ஆண்டின் நகராட்சி நிதி நிர்வாகச் சட்டம், கவுன்சிலர்கள் யாரும் டெண்டர் குழுக்களில் உறுப்பினராக இருக்கக் கூடாது, பார்வையாளராகக்கூட உட்காரக் கூடாது என்கிறது. முடிவு முழுக்க அதிகாரிகளுடையது, கவுன்சிலர்களின் வேலை கண்காணிப்பு. அரசியல்வாதியின் கையை டெண்டரிலிருந்து எடுத்துவிட்டால் ஊழல் போய்விடும் என்ற நம்பிக்கை அதில் இருக்கிறது. டெண்டர் ஊழல் அங்கேயும் ஓய்ந்துவிடவில்லை. நம் முறையில் கவுன்சிலரை உள்ளே உட்கார வைத்திருக்கிறோம். வைத்த பிறகு அவர் சொன்னதை எழுதாமல் விடுவதுதான் எனக்குப் புரியாத விஷயம். இரண்டு முறைகளின் கெடுதலும் அப்போது நமக்கே வந்து சேருகிறது.

குறிப்பைப் பெறுவது கடினமல்ல. சில மாநகராட்சிகள் மாமன்றத் தீர்மானங்களை இணையத்தில் போடுகின்றன. குழுக் குறிப்புகள் கிடைக்காவிட்டால் 2005ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய்க் கட்டணத்துடன் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதலாம், 30 நாளில் பதில் வர வேண்டும். 'டெண்டர் விவரம் தருக' என்று எழுதினால் தொகை மட்டும் போட்ட ஒரு தாள் வரும். கூட்ட நாளையும் பொருள் எண்ணையும் குறிப்பிட்டு நான்கு தாள்களைக் கேட்க வேண்டும்: நடவடிக்கைக் குறிப்பு, அன்றைய வருகைப் பதிவேட்டுப் பக்கம், ஒப்பீட்டுப் பட்டியல், நிராகரிக்கப்பட்டவருக்கு அனுப்பிய கடிதம். நான்காவதற்கு 'அப்படி ஆவணம் ஏதும் இல்லை' என்று பதில் வந்தால், தேதியைப் பார்த்து அந்தப் பதிலையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.